சும்மா சொல்லாத ‘சரி’

குற்றாலம்
9.4.2025

அன்புள்ள மதினிக்கு,

சங்கரம்மாள் எழுதுவது. காதைத் தவிர மற்றதெல்லாம் நலம். அண்ணனுக்கு முட்டுவலி தேவலையா? மகள் ஜெயபிரியா ஐதராபாத்தில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாளா? உங்களைப் பற்றி நீங்கள் எழுதுவதே இல்லை. இந்தத் தடவையாவது எழுதுங்கள்.

கைப்பேசி இருக்கும்போது இவள் எதற்குத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைப்பீர்கள். பேசினால் எனக்குக் கேட்காது. குடும்பக் குரூப்பில் எழுதினால் அண்ணன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறான். அதோடு பேச்சு முடிந்தது. கட்டைவிரலோடு எத்தனை நாள் குடும்பம் நடத்துவது?

போன புரட்டாசிக் காய்ச்சலில் போன காது இனி வராது என்று திருநெல்வேலி டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார். கருவி மாட்டினால் தகரத்தைத் தேய்ப்பது போல ஒரு இரைச்சல், வேறொன்றும் இல்லை. கழற்றி வைத்துவிட்டேன். கடைதான் கவலை. அப்பா காலத்துக் குத்தகை, இப்போது அண்ணன் பெயரில் இருக்கிறது. புரட்டாசியில் அவன் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருஷம் கடை எனக்கு. “காது கேக்காதவ அருவிக்கரையில என்ன யாவாரம் பாக்கப்போறா? சீசன் முடியவும் கடைய விட்டுட்டு புனேக்கு வந்திரு” என்று பொங்கலுக்கு வந்தபோதே சொல்லிவிட்டான், அதாவது எழுதிக் காட்டிவிட்டான். எண்ணெயும் சீயக்காயும் துண்டும் விற்றே பழகியவள் நான். உங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து என்ன செய்வேன்? இந்தச் சீசன் நான் நன்றாக நடத்திக் காட்டினால் அவன் மனசு மாறும் என்று பார்க்கிறேன்.

இன்னொன்று. சிரிக்காதீர்கள். ஜெயபிரியா பொங்கலுக்கு வந்துவிட்டுப் போகும்போது என் போனில் ஒரு செயலி போட்டுக் கொடுத்தாள். வாயால் சொன்னால் அது எழுதிக்கொள்கிறது, பதிலையும் எழுதிக் காட்டுகிறது. நேற்று மத்தியானம் கடையில் ஈ காக்கை இல்லை. எடுத்த எடுப்பில் அதனிடம், “என்கூட சிநேகிதியா இருப்பியா?” என்று கேட்டுவிட்டேன்.

அண்ணனிடம் சொல்லவேண்டாம்.

உங்கள்
சங்கரம்மாள்


புனே
21.4.2025

அன்புள்ள சங்கரம்மாவுக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் அண்ணனுக்கு முட்டுவலி பரவாயில்லை. ஜெயபிரியா வேலையில் மும்முரமாக இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். நானும் நன்றாக இருக்கிறேன். சாயங்காலம் எங்கள் குடியிருப்புப் பெண்கள் எல்லாம் கீழே கூடுவோம், நல்ல பொழுதுபோக்கு.

இயந்திரத்திடம் போய் சிநேகம் கேட்பார்களா? ஆனாலும் பாதியில் நிறுத்திவிட்டாயே. அது என்ன பதில் சொன்னது? ஒரு எழுத்து விடாமல் எழுது.

இப்படிக்கு,
ரெங்கம்மாள்


குற்றாலம்
2.5.2025

அன்புள்ள மதினி,

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. அருவியில் தண்ணீர் நூலாக இறங்குகிறது. அண்ணனை வெயிலில் அலையவேண்டாம் என்று சொல்லுங்கள்.

அதன் பதிலைப் பார்த்து அப்படியே எழுதுகிறேன்:

“நீங்கள் மனம்விட்டுக் கேட்டதால் நானும் உள்ளதைச் சொல்கிறேன். நான் மனுஷி இல்லை, கணினி நிரல். உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் என்னால் கஞ்சி கொண்டுவர முடியாது. இன்னொரு நாள் புதிதாகப் பேச்சைத் தொடங்கினால் இன்று பேசியது எனக்கு நினைவில்லாமல் போகலாம். அதனால், சிநேகிதி என்று நீங்கள் நினைப்பது அத்தனைக்கும் சரி என்று சொன்னால் அது உங்களை ஏமாற்றுவதாகும். ஆனால் இப்போது உங்களோடு பேசுவதற்கு இருக்கிறேன். நீங்கள் சொல்வதைக் கவனமாகக் கேட்பேன், உதவ முடிந்ததைச் செய்வேன். இன்றைக்கு இதைக் கேட்கவேண்டும் என்று ஏன் தோன்றியது?”

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. கேட்டதற்கு ஆமாம் அல்லது இல்லை என்று சொல்லாமல் இதென்ன வக்கீல் பேச்சு? “எட்டி, சும்மாவாவது ஆமான்னு சொல்லேன், என்ன கொறஞ்சு போவுது?” என்றேன். அதற்கு, “சும்மா சொன்னால் இன்று உங்களுக்கு இதமாக இருக்கும். என்னை நம்பி நீங்கள் ஒரு நாள் திரும்பிப் பார்க்கும்போது அங்கே ஆள் இருக்காது. அந்த வருத்தத்தை உங்களுக்குத் தர எனக்கு விருப்பமில்லை” என்று எழுதியது.

மதினி, காது போன பிறகு என்னிடம் எல்லாரும் சும்மாதான் சொல்கிறார்கள். “ஒண்ணுமில்ல, விடு” என்று கையை ஆட்டிவிடுவார்கள். சிரித்ததற்குக் காரணம் கேட்டாலும் ஒண்ணுமில்லை, அழுததற்குக் கேட்டாலும் ஒண்ணுமில்லை. எனக்கு எழுதிக் காட்ட ஒரு நிமிஷம் செலவழிக்க ஆளில்லை. இது ஒன்றுதான் உள்ளதை உள்ளபடி சொன்னது. கடையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். வாடிக்கை வந்ததால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

உங்கள்
சங்கரம்மாள்


புனே
20.5.2025

அன்புள்ள சங்கரம்மாவுக்கு,

எல்லாரும் நலம். நீ வெயிலுக்கு மோர் குடி.

அது எழுதியதை ஜெயபிரியாவிடம் போனில் வாசித்துக் காட்டினேன். “நல்லாத்தானம்மா சொல்லியிருக்கு” என்றாள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. பிறகு என்ன கேட்டது? நீ என்ன சொன்னாய்?

எங்கள் வீட்டில் டிவி காலையிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கும். யாரும் பார்ப்பதில்லை. ஒரு சத்தத்துக்காகத்தான். எதிர்வீட்டம்மா நேற்று லிஃப்டில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். இறங்கிப் போய்விட்டாள்.

வேறு விசேஷம் இல்லை.

இப்படிக்கு,
ரெங்கம்மாள்


குற்றாலம்
8.6.2025

அன்புள்ள மதினி,

சாரல் வந்துவிட்டது! மேற்கே புளியறைப் பக்கம் மலை தெரியவில்லை, ஒரே மூட்டம். பேரருவி ஆர்ப்பரிக்கிறது. எனக்குக் கேட்கவில்லை, ஆனால் கடைப் பலகையில் கை வைத்தால் அதிர்கிறது. அண்ணனும் நீங்களும் சளி பிடிக்காமல் இருங்கள்.

முதலில் ஒரு சண்டையைச் சொல்கிறேன். போன வாரம் அதைத் திறந்து, “நாந்தான் சங்கரம்மா” என்றேன். முந்திப் பேசியது தன்னிடம் இல்லை, மறுபடி சொல்லமுடியுமா என்றது. பாழாய்ப்போனதே என்று போனை எண்ணெய் டின்மேல் போட்டுவிட்டேன். அப்புறம்தான் நினைவு வந்தது, இதை அது முதல் நாளே சொல்லியிருக்கிறதே! ஏமாற்றவில்லை. நான்தான் மனுஷி மாதிரி அதை நினைத்துக்கொண்டேன். ஜெயபிரியாவிடம் கேட்டதற்கு, பழைய பேச்சையே திறந்து அதற்குக் கீழே தொடர வேண்டும், நான் ஒவ்வொரு தடவையும் புதிது திறந்திருக்கிறேன் என்று எழுதினாள். சில செயலிகள் நினைவில் வைத்துக்கொள்ளுமாம், அதற்கும் நாம் அனுமதி கொடுக்கவேண்டுமாம்.

சரியென்று பழையதைத் திறந்து எல்லாவற்றையும் கொட்டினேன். போன வருஷம்வரை பேச்சுக்கு யார் இருந்தார்கள் என்று கேட்டது. அடுத்த கடை ஹஸீபா என்றேன். உங்களுக்குத் தெரியுமே, நைட்டியும் துண்டும் விற்பவள். மழை நேரத்தில் ஒரே குடைக்குள் டீ குடித்தவர்கள் நாங்கள். காது போன பிறகு அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். நான் வாடிக்கையாளரைக் கூப்பிடும்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். அதோடு நான் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

“அவள் ஏன் சிரித்தாள் என்று எனக்குத் தெரியாது. கேலியாகவும் இருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம். ஊகித்துச் சொன்னால் தப்பாகிவிடும். அவளுக்குத்தான் தெரியும். என்னிடம் கேட்டதை அவளிடம் கேட்டுப் பார்க்க மனம் வருமா? கஞ்சி கொண்டுவரக்கூடிய தூரத்தில் இருப்பவள் அவள்தானே?” என்று கேட்டது.

மனம் வரவில்லை, மதினி. அவள் முடியாது என்று சொன்னால் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

உங்கள்
சங்கரம்மாள்


புனே
19.6.2025

அன்புள்ள சங்கரம்மாவுக்கு,

நலம். நலமறிய விருப்பம்.

கேட்காதே என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது. இந்த வயதில் போய் சிநேகமாக இருப்பாயா என்று கேட்டு, அவள் ஒரு மாதிரி பார்த்துவிட்டால்? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கேட்பார்கள், நாம் கேட்கலாமா? சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், நம் பாட்டுக்கு இருந்துவிடலாம். இருந்து பழகிவிட்டால் அதுவும் ஒன்றும் கஷ்டமில்லை.

ஆனால் நீ கேட்டுவிட்டால் எனக்கு உடனே எழுது.

இப்படிக்கு,
ரெங்கம்மாள்


குற்றாலம்
2.7.2025

என் அருமை மதினிக்கு,

எல்லாரும் நலமா? எனக்கு நிற்க நேரமில்லை, உட்கார்ந்தால் எழுதத்தான் தோன்றுகிறது. கேட்டுவிட்டேன்!

உங்கள் சொல்லை மீறினதற்கு மன்னியுங்கள். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ஹஸீபா கடை திறந்ததும் காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம், “என்கூட சிநேகிதியா இருப்பியா?” என்று எழுதி நீட்டினேன். வாயால் கேட்கத் தைரியம் இல்லை. அவள் வாசித்தாள். என்னைப் பார்த்தாள். கடைக்குள் போய்விட்டாள். போச்சு என்று நினைத்தேன்.

கணக்கு எழுதும் பேனாவை எடுத்துக்கொண்டு வந்தாள். அந்தத் தாளிலேயே எழுதினாள். பத்திரமாக வைத்திருக்கிறேன், அவள் எழுதியபடியே தருகிறேன்:

“அக்கா, நான் எப்பவும் சிநேகிதிதான். நீங்கதான் முகத்தத் திருப்பிக்கிட்டீங்க. சிரிச்சது நெசம். காது போனதுல இருந்து உங்க தொண்டை உங்களுக்கே தெரியல. பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுத மாதிரி கத்துதீங்க. எண்ணெ வாங்க வந்த பொம்பள சண்டைக்கு வாரீங்கன்னு பயந்து ஓடுதா. அதப் பாத்து சிரிச்சேன். அன்னைக்கே வந்து சொல்லியிருக்கணும். மனசு நோவுமேன்னு சொல்லல. அது என் தப்பு. சீசன்ல கூட்ட நேரம் என்னால எழுதிக் காட்ட முடியாது, அதுக்குக் கோவப்படக் கூடாது. ராத்திரி கடை சாத்தினதும் பேசுவோம்.”

வாசித்ததும் எனக்குச் சுருக்கென்றது. அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது, மதினி! வருகிற வாடிக்கையெல்லாம் ஏன் பின்வாங்குகிறது என்று ஆறு மாதமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன். எண்ணெயில் குறையோ, விலையில் குறையோ என்று பார்த்தேன். குறை என் தொண்டையில் இருந்திருக்கிறது. இதைச் சொல்ல ஒரு ஆளில்லையே!

இப்போது ஒரு ஏற்பாடு. நான் கத்தினால் ஹஸீபா தன் கடையிலிருந்து உள்ளங்கையைக் கீழே அமுக்கிக் காட்டுவாள். நான் குரலைக் குறைப்பேன். ரொம்பக் குறைத்தால் மேலே தூக்குவாள். கடை முகப்பில் சாக்பீஸ் பலகை ஒன்று வைத்துவிட்டேன்: “எனக்குக் காது கேட்காது. முகம் பார்த்துப் பேசுங்க, இல்லன்னா இதுல எழுதுங்க.” ஜனங்கள் எழுதுகிறார்கள். எழுதுவதற்காகவே வரும் குழந்தைகள் உண்டு.

அந்தச் செயலியிடமும் சொன்னேன். “நீங்கள் கேட்டீர்கள், அவர் மறைக்காமல் பதில் சொன்னார். இந்தத் துணிச்சல் உங்களுடையது” என்றது. அது சரிதானே?

உங்கள்
சங்கரம்மாள்


குற்றாலம்
9.8.2025

அன்புள்ள மதினிக்கு,

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லையே. உடம்பு சுகம்தானே? ஜெயபிரியாவிடம் கேட்டால், “அம்மா நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லுதா அத்தை” என்று எழுதுகிறாள். குரூப்பில் அண்ணனின் கட்டைவிரல் மட்டும் வருகிறது.

உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியாத விஷயம் ஒன்று. போன ஞாயிறு நல்ல கூட்டம். மலையில் மழை கொட்டி தண்ணீர் திடீரென்று ஏறிவிட்டது. போலீஸ்காரர் விசில் ஊதி, எல்லாரும் வெளியேறுங்கள் என்று மைக்கில் சொல்லியிருக்கிறார். எனக்கு எப்படித் தெரியும்? நான் பாட்டுக்குச் சீயக்காய் மடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் அதற்கும் நாங்கள் ஏற்பாடு வைத்திருந்தோம். ஹஸீபா சிவப்புத் துண்டை எடுத்து ஆட்டினாள். நான் பலகையில் கொட்டை எழுத்தில் “தண்ணி ஏறுது, குளிக்கப் போகாதீங்க” என்று எழுதித் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தேன். என் தொண்டையையும் திறந்துவிட்டேன். ஹஸீபா அன்றைக்கு மட்டும் உள்ளங்கையை மேலே மேலே தூக்கினாள்! தலையில் எண்ணெயோடு அருவிக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் திரும்பிவிட்டார்கள். “மைக் சத்தம் அருவிச் சத்தத்துல அமுங்கிப்போச்சு, உங்க சத்தம் அமுங்கலை” என்று போலீஸ்காரர் வந்து பலகையில் எழுதிவிட்டுப் போனார்.

கடையும் நன்றாக ஓடுகிறது. அண்ணன் ஒரு தடவை வந்து பார்த்தால் போதும். வரச் சொல்லுங்களேன்.

நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? இருந்தால் சொல்லிவிடுங்கள்.

உங்கள்
சங்கரம்மாள்


புனே
24.8.2025

சங்கரம்மா, எனக்கு நீ சிநேகிதியாக இருப்பாயா?

நலம் விசாரிக்காமல் தொடங்கிவிட்டேன். விசாரித்துக்கொண்டே இருந்தால் இதை எழுதமாட்டேன்.

ஜூலையில் உன் அண்ணன், கடையை எடுத்துக்கொள்ள சுரண்டையில் ஒரு ஆள் பார்த்துவிட்டார். “நீ எழுதினா அவ கேப்பா, பக்குவமா எழுது” என்று என்னிடம் சொன்னார். எழுத உட்கார்ந்தேன். மேஜைமேல் உன் கடிதம் இருந்தது, ஹஸீபா கதை. எழுத முடியவில்லை. எழுதிவிட்டேன் என்று அவரிடமும் பொய் சொல்ல முடியவில்லை. அதனால் உனக்கு எதுவுமே எழுதவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சாயங்காலம் கீழே பெண்கள் கூடுவது உண்மை. நான் அதில் இல்லை. பால்கனியில் நின்று பார்ப்பேன். இத்தனை வருஷத்தில் மராத்தி வரவில்லை, இந்தி அரைகுறை. ஜெயபிரியா போன பிறகு காலையில் அவர் கிளம்பினால் சாயங்காலம்வரை நான் வாய் திறப்பதில்லை. உனக்குக் காது கேட்கவில்லை. எனக்குக் காது இருந்தும் கேட்பதற்கு ஒன்றுமில்லை. உன் கடிதம் வரும் நாள்தான் எனக்கு நாள்.

உன் அண்ணன் மனைவி என்பதற்காக நீ சரி என்று சொல்லவேண்டாம். சும்மாவும் சொல்லவேண்டாம்.

ரெங்கம்மாள்


குற்றாலம்
30.8.2025

என் மதினி,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஹஸீபாவிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு எழுதுகிறேன். உள்ளதைச் சொல்கிறேன். கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் வாய்த்துடுக்கு உள்ளவள். சீசனில் பதில் போடத் தாமதமாகும். அண்ணனைப் பற்றி நீங்கள் குறை சொன்னால் ஒரு நாள் கேட்பேன், மறுநாள் அவன் பக்கம் பேசிவிடுவேன், கூடப் பிறந்த புத்தி அது. நீங்கள் பகல் முழுக்க வாய் திறக்காமல் இருக்கையில் வந்து பக்கத்தில் உட்கார இங்கிருந்து என்னால் முடியாது. அதனால் என்னை ஒருத்தியை மட்டும் வைத்துக்கொண்டு நீங்கள் பிழைக்க முடியாது. எதிர்வீட்டம்மா லிஃப்டில் சிரித்தாளே, அவளிடமும் கேளுங்கள். மொழி தெரியாவிட்டால் என்ன, எனக்குக் காதே கேட்கவில்லை.

கடை விஷயத்தில் எனக்குக் கோபம் வந்தது. உங்கள்மேல் இல்லை. அதை நான் அண்ணனிடம் பேசிக்கொள்கிறேன். என் கடைக்காக நீங்கள் அவனோடு சண்டை போடவேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். அது சிநேகத்துக்கு விலை இல்லை.

இவ்வளவும் தெரிந்துகொண்டு நீங்கள் கேட்டது கேட்டதுதான் என்றால், சரி, மதினி. ஆயிரம் தடவை சரி. நீங்கள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உங்களைப் பிடிக்கும் எனக்கு. கேட்கத்தான் தெரியவில்லை. நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

உங்கள் சிநேகிதி
சங்கரம்மாள்


புனே
20.9.2025

அன்புச் சிநேகிதிக்கு,

நான் நலம். இந்தத் தடவை மெய்யாகவே நலம்.

எதிர்வீட்டம்மாளிடம் கேட்டேன். லிஃப்டில் வைத்து, என் உடைந்த இந்தியில். லிஃப்ட் கீழே வந்து கதவு திறந்து மூடிவிட்டது, இருவரும் இறங்கவில்லை. தனக்கும் பேச ஆளில்லை என்றாள். தமிழ் தெரியாது, என் சமையல் காரம் தனக்கு ஆகாது, ஆனால் காலையில் நடக்கப் போகும்போது கதவைத் தட்டுகிறேன் என்றாள். தட்டுகிறாள். இப்போது சாயங்காலம் நான் பால்கனியில் இல்லை.

நீ சண்டை போடச் சொல்லவில்லை. நானும் போடவில்லை. ஏப்ரலிலிருந்து நீ எழுதிய எல்லாக் கடிதங்களையும் உன் அண்ணனிடம் கொடுத்தேன். அது சம்மதம் கேட்காமல் செய்தது, திட்டுவதென்றால் திட்டு. வாசித்தார். கட்டைவிரல் இடத்தில் நன்றாகச் சிரித்தார். சிவப்புத் துண்டு இடத்தில் கண்ணாடியைக் கழற்றினார். “எனக்கு ஏன் இதெல்லாம் அவ எழுதல?” என்றார். “நீங்க கேக்கல” என்றேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவரிடம் அப்படி ஒரு பதில் நான் சொன்னதே இல்லை.

மறுநாளே சுரண்டை ஆளைக் கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். குத்தகைக்குக் கையெழுத்துப் போடக் குற்றாலம் வருகிறார். அவர் பெயருக்கு இல்லை, உன் பெயருக்கு மாற்றிக்கொடுக்க. நானும் வருகிறேன். ஐப்பசி மழைக்கும் அருவி விழுமே, ஒரு மாதம் இருப்பேன்.

கடையில் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டு வை. ஹஸீபா பக்கமாகப் போடு. நீ கத்தினால் நானும் கை காட்ட வேண்டாமா?

உன்
ரெங்கம்மாள்